புயலில் மாட்டிய 54 பார்சல்: வாடிக்கையாளருக்கு என்ன எழுதி அனுப்புவது?

கெடிலக்கரை · 6 டிசம்பர் 2024, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் அத்தையும் கடலூரில் வீட்டிலிருந்தே பண்ருட்டி முந்திரி, நெய்யில் வறுத்த முந்திரி, கைமுறுக்கு செய்து விற்கிறோம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வருவதுதான். பாதிப் பேர் சென்னை, மீதி பெங்களூரு, கோவை. பணம் வந்து ஐந்து நாளில் பொருள் கையில் இருக்கும் என்று சொல்லித்தான் வாங்குகிறோம், இதுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும், அடுத்து டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்ததும் இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆனால் 54 பார்சல் நிற்கிறது. நேற்றிலிருந்து "என்னங்க ஆச்சு" என்று செய்தி வர ஆரம்பித்துவிட்டது. ஒருவர் இன்ஸ்டாவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி "பணம் வாங்கிட்டு பதிலே இல்லை" என்று போட்டுவிட்டார், அத்தை அதைப் பார்த்துச் சாப்பிடவே இல்லை.

எல்லாருக்கும் ஒரே செய்தியாக இன்று மாலைக்குள் அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

> அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தவிர்க்க முடியாத இயற்கைச் சீற்றம் காரணமாகத் தங்கள் ஆர்டர்கள் சற்றுத் தாமதமாகலாம். இதனால் ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் ஆர்டர் விரைவில் வந்து சேரும். தங்கள் மேலான ஆதரவு தொடர வேண்டுகிறோம். அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி!

---

நெல்லிக்குப்பம் · காலை 8.15

நல்லா இருக்கு தங்கச்சி. மரியாதையாக இருக்கு, காரணமும் சொல்லியாச்சு, தள்ளுபடியும் கொடுத்தாச்சு. தாராளமாக அனுப்பலாம். ஒன்று மட்டும், பணத்தைத் திருப்பித் தருவதாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள். 2020ல் வந்த நுகர்வோர் மின்வணிக விதிகளில், சொன்ன தேதிக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் இயற்கைச் சீற்றத்தால் ஆன தாமதத்துக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. நம் பக்கம் சட்டம் இருக்கும்போது நாமே வாயைக் கொடுக்க வேண்டாம்.

---

வில்லியனூர் · காலை 8.32

எனக்கும் இதே கதைதான். தங்கைக்குச் சீர் கொடுக்க வாங்கிய மிக்ஸி ஒரு வாரமாக வரவில்லை, கேட்டால் "டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது" என்று நாலு நாளாக அதே வரி. இதற்கு நஷ்ட ஈடு எங்கே கேட்பது? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் கிடைக்குமா?

---

உப்பளம் · காலை 9.05

வில்லியனூர் தம்பி, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிவு பண்ணுங்கள், வழக்கு அப்புறம் பார்க்கலாம். ஆனால் இங்கே கேள்வி விற்கிறவர் பக்கமிருந்து வந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த "நாலு நாளாக அதே வரி" இருக்கிறதே, கெடிலக்கரை அதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் வராததைவிட, கேட்டால் உண்மை வராததுதான் உங்களைக் கோபப்படுத்தியிருக்கிறது.

கெடிலக்கரை மா, பெரிய ஆன்லைன் கடை ஒன்றில் வாடிக்கையாளர் பிரிவில் பல வருஷம் இருந்தேன், இப்போது புதுவையில் சின்னக் கடைகளுக்கு அதே வேலையைச் செய்து கொடுக்கிறேன். உங்கள் செய்தியை நேராகவே சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"சற்றுத் தாமதமாகலாம்" என்கிறீர்கள், ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, அவருக்கே தெரியும். "ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமம்" என்றால் சிரமம் வந்ததா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் போலத் தெரிகிறது. "விரைவில்" என்றால் எப்போது? படித்து முடித்ததும் வாடிக்கையாளர் அதே கேள்வியை உங்களுக்குத் திரும்ப அனுப்புவார். அப்படியானால் செய்தி அனுப்பாத மாதிரிதான். கடைசியில் வருகிற தள்ளுபடியோ, இந்தப் பொருளே வராதபோது அடுத்த பொருளுக்குப் பணம் கட்டு என்று கேட்கிறது.

ஆனால் எழுத்தைத் திருத்துவது இரண்டாவது வேலை. அந்த 54 பார்சலும் இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். எல்லாம் ஒரே இடத்திலா? அதில் எதற்காவது தேதி இருக்கிறதா, அதாவது விசேஷத்துக்கு, விருந்துக்கு என்று யாராவது சொல்லி வாங்கினார்களா? இது தெரியாமல் எழுதினால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பொதுவாகத்தான் வரும்.

---

கெடிலக்கரை · காலை 10.20

பட்டியல் எடுத்துவிட்டேன் அண்ணா. 38 பார்சல் 28, 29 தேதிகளில் கூரியரிடம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக 29ஆம் தேதி விழுப்புரம் கிடங்கில் வந்து சேர்ந்ததாக ஒரு பதிவு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. 16 பார்சல் வீட்டிலேயே இருக்கிறது, எடுக்க ஆள் வரவே இல்லை.

தேதி சொன்னவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குத் தேதியே போய்விட்டது. ஒன்று பெங்களூருவில் 4ஆம் தேதி வளைகாப்பு, இன்னொன்று சென்னையில் ஒரு கிரகப்பிரவேசம். ஐந்து பேர் 13ஆம் தேதி கார்த்திகை தீபத்துக்குள் வேண்டும் என்றவர்கள். மற்றவர்கள் சும்மா வீட்டுக்கு வாங்கியவர்கள்தான்.

---

திருப்பாப்புலியூர் · காலை 10.50

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். 2011ல் தானே புயல் சமயத்தில் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தவன், அதனால் ஒன்று சொல்கிறேன். இந்தத் திங்கட்கிழமை அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடியது, விக்கிரவாண்டி பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலையும் நிறுத்தினார்கள். விழுப்புரத்துக்கு வருவதும் போவதும் இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. இப்போது வழி திறந்துவிட்டது என்பதால் நாளைக்கே கிளம்பிவிடும் என்று நினைக்காதே பாப்பா. திறந்ததும் புதுச் சரக்கு முன்னால் வந்து இறங்கும், பழையது பின்னால் கிடக்கும். எண்ணைச் சொல்லித் தனித்தனியாகப் புகார் கொடுத்தால்தான் யாராவது தேடி எடுப்பார்கள். மொத்தமாக "என் பார்சல் எல்லாம்" என்று கேட்டால் எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் இருக்கிற 16ஐ ஸ்பீட் போஸ்ட்டில் போடு. கடலூர் தபால் நிலையத்தில் வாங்குகிறார்களா என்று ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிட்டுப் போடு.

---

உப்பளம் · காலை 11.30

ஐயா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களிடம் மூன்று விதமான ஆள் இருக்கிறார்கள், மூன்று பேருக்கும் வேறு வேறு விஷயம் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருக்கிற 16 பேருக்குத் தேதி சொல்ல உங்களால் முடியும், ஏனென்றால் பொருள் உங்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் தேதி கொடுங்கள், அதிலும் ஒரு நாள் தள்ளியே சொல்லுங்கள். புதன் வரும் என்று தோன்றினால் வியாழன் என்று எழுதுங்கள். ஒரு தடவை தேதி தவறினால் பொறுத்துக்கொள்வார்கள், மன்னிப்புக் கேட்டுச் சொன்ன இரண்டாவது தேதியும் தவறினால் அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள்.

விழுப்புரத்தில் நிற்கிற 38 பேருக்குப் பொருள் வரும் தேதி உங்களுக்கே தெரியாது. தெரியாது என்றே எழுதுங்கள். அதற்குப் பதில் உங்களால் காப்பாற்ற முடிகிற ஒரு தேதியைக் கொடுங்கள், அதாவது அடுத்த தகவல் எப்போது வரும் என்பதை. "திங்கள் மாலை 6 மணிக்குள் நானே எழுதுகிறேன், கிளம்பியிருந்தாலும் கிளம்பாவிட்டாலும்." இது முழுக்க உங்கள் கையில் இருக்கிற வாக்கு. இதைக் காப்பாற்றினாலே பாதி நம்பிக்கை திரும்பிவிடும், அதை என் வேலையில் பல தடவை பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், அதுதான் அடையாளம். அதற்குப் பிறகும் "என்ன ஆச்சு" என்றே வந்துகொண்டிருந்தால் செய்தியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

தேதி போய்விட்ட இரண்டு பேருக்கு எழுதவே எழுதாதீர்கள். போன் பண்ணுங்கள். அத்தையே பேசட்டும். அதற்கும் முன்னால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அப்புறம் பேச வேண்டும். "வேண்டுமானால் தருகிறோம்" என்றால் அவர் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும். வளைகாப்பில் தாம்பூலப் பையில் போட வைத்திருந்த முந்திரி வரவில்லை என்றால் அந்த வீட்டில் அன்று யாரோ கடைக்கு ஓடியிருப்பார்கள். அதை வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், "கடைசி நேரத்தில் உங்களை அலைய விட்டுவிட்டோம்" என்று. பொதுவாக "சிரமம்" என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல.

தீபத்துக்குக் கேட்ட ஐந்து பேரின் பார்சல் விழுப்புரத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், புதிதாகச் செய்து நாளையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் சார் சொன்ன விதி உண்மை, விலக்கும் உண்மை. ஆனால் விலக்கு வெள்ளத்தால் ஆன தாமதத்துக்கு. வீட்டில் இருக்கிற 16ஐ இன்னும் பத்து நாள் வைத்துக்கொண்டு புயலைக் காட்ட முடியாது. அதோடு சட்டப்படி தர வேண்டாம் என்பது வேறு, அந்த மனிதர் பொங்கலுக்கு மறுபடி நம்மிடமே வாங்க வேண்டும் என்பது வேறு.

---

நெல்லிக்குப்பம் · நண்பகல் 12.10

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 38 பேருக்கும் பணம் தருவதாக எழுதினால் 38 பேரும் கேட்டால் என்ன பண்ணுவது? ஒரு ஆர்டர் 700, 800 ரூபாய் என்று வைத்தால்கூட 30,000 ரூபாய் கிட்ட வருகிறது. பொருளும் கூரியரிடம் மாட்டியிருக்கிறது. சின்னக் கடை தாங்குமா?

---

உப்பளம் · நண்பகல் 12.25

நியாயமான பயம். என் அனுபவத்தில், வாங்கிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு. பணம் மாட்டிக்கொண்டது என்ற பயத்தில்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள், மாட்டவில்லை என்று தெரிந்தால் காத்திருக்கிறார்கள். ஆனால் தர முடியாத அளவுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. கெடிலக்கரை, கையில் எவ்வளவு இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள். ஒரு வாரத்தில்தான் முடியும் என்றால் "ஒரு வாரத்தில்" என்றே எழுதலாம், அதில் வெட்கம் இல்லை.

---

முத்தியால்பேட்டை · பகல் 1.40

நான் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். தள்ளுபடி விஷயத்தில் உப்பளம் சாரோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. உபர் நிறுவனத்தில் வண்டி தாமதமான சுமார் 15 லட்சம் பயணிகளிடம் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி, அது 2019ல் வெளியானது. சிலருக்கு வெறும் மன்னிப்பு, சிலருக்கு மன்னிப்போடு 5 டாலர் கூப்பன், சிலருக்கு எதுவுமே இல்லை. வெறும் வார்த்தையால் பெரிய பலன் இல்லை, கூப்பன் வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் செலவு செய்தார்கள். அதனால் வார்த்தை மட்டும் போதும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கையிலிருந்து ஏதாவது போனால்தான் மன்னிப்புக்கு எடை.

---

உப்பளம் · பகல் 2.05

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது: திரும்பத் திரும்பத் தாமதமாகி ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டால், கேட்காமல் இருப்பதைவிட மோசமாகப் போனது. மன்னிப்பு என்பது இனி ஒழுங்காக இருப்பேன் என்ற வாக்கு, அது பொய்த்தால் கோபம் கூடத்தான் செய்யும்.

கையிலிருந்து போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முழுப் பணத்தைத் திருப்புவது, ஈரமானதுக்குப் புதிதாகச் செய்து தருவது எல்லாம் கையிலிருந்து போவதுதானே. அடுத்த ஆர்டரோடு கட்டிப் போடுகிற 10 சதவீதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உபர் தினமும் ஏறுகிற வண்டி, கூப்பன் மறுநாளே பயன்படும். முந்திரியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படியும் தர ஆசை என்றால் செய்தியில் சொல்லாமல், புதிதாகப் போகிற பார்சலுக்குள் 100 கிராம் முந்திரி கூடப் போட்டுவிடுங்கள்.

---

முத்தியால்பேட்டை · பகல் 2.20

சொல்லாமல் போட்டால் அது மன்னிப்புக்காக வந்தது என்று எப்படித் தெரியும்? எடை தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு துண்டுச் சீட்டாவது வைக்க வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

---

கெடிலக்கரை · மாலை 3.30

இரண்டு பேருக்கும் நன்றி. அத்தை சீட்டு எழுதி வைக்கலாம் என்கிறார். 38 பேருக்கு இப்படி எழுதியிருக்கிறேன், ஆளுக்கு ஆள் பெயரும் பொருளும் மாறும்:

> வணக்கம் மேடம். நவம்பர் 28 அன்று அனுப்பிய உங்கள் பார்சல் (அரை கிலோ வறுத்த முந்திரி, ஒரு டப்பா கைமுறுக்கு) இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை. டிசம்பர் 3க்குள் வரும் என்று சொல்லியிருந்தோம், சொன்னபடி செய்ய முடியவில்லை. நீங்கள் கேட்கும் முன்னால் நாங்களே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்க வேண்டும்.
>
> வெள்ளத்தால் கூரியரின் விழுப்புரம் கிடங்கில் 29ஆம் தேதியிலிருந்து நிற்கிறது. எப்போது கிளம்பும் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் பார்சல் எண்ணைச் சொல்லி இன்று புகார் கொடுத்திருக்கிறோம். வரும் திங்கள் (9ஆம் தேதி) மாலை 6 மணிக்குள், கிளம்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நானே எழுதுகிறேன்.
>
> காத்திருக்க முடியாது என்றால் "பணம்" என்று மட்டும் பதில் போடுங்கள், முழுத்தொகையும் நாளைக்குள் திருப்பி அனுப்புகிறோம். பார்சல் நனைந்தோ உடைந்தோ வந்தால் ஒரு படம் போதும், புதிதாகச் செய்து அனுப்புவோம்.

அத்தை பெயரையும் எங்கள் எண்ணையும் கீழே போடுகிறேன். கூரியர் தளத்தில் பார்த்துக்கொள்ள இணைப்பும் சேர்க்கட்டுமா?

---

உப்பளம் · மாலை 3.50

மிக நல்லா வந்திருக்கிறது. காரணம் ஒரே வரியில், அதுவும் மன்னிப்புக்குப் பின்னால் வருகிறது, அந்த வரிசையை மாற்ற வேண்டாம். காரணத்தை முன்னால் வைத்தால் சாக்குச் சொல்வது போல் ஆகிவிடும். கடலூரில் எவ்வளவு கஷ்டம் என்று நீட்டினாலும் அதேதான், அவரை நமக்காக வருத்தப்பட வைக்கிறோம்.

இணைப்பு வேண்டவே வேண்டாம். "உங்கள் பார்சல் தாமதம், இதை அழுத்துங்கள்" என்று வருகிற மோசடிச் செய்திகள் இப்போது எல்லாருக்கும் வருகின்றன, தபால் துறை பெயரிலேயே வந்திருக்கிறது. உங்களுடையதும் அப்படித் தெரியும். பார்சல் எண்ணை மட்டும் போடுங்கள், பார்க்க வேண்டும் என்பவர் கூரியர் தளத்துக்கு அவரே போய்ப் பார்ப்பார். பணம் திருப்ப அவர் முன்பு எந்த யுபிஐ கணக்கிலிருந்து அனுப்பினாரோ அதற்கே அனுப்புங்கள், வங்கி விவரம் எதுவும் கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஒளிபரப்புப் பட்டியலில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அது உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். முதல் தடவை வாங்கியவர் சேமித்திருக்கவே மாட்டார், ஒற்றை டிக்கோடு நின்றுவிடும், நீங்கள் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தனித்தனியாகவே அனுப்புங்கள். பிசினஸ் கணக்கு என்றால் மூன்று வகைக்கும் மூன்று லேபிள் போட்டுக்கொண்டால் யாருக்கு எது போனது என்று குழம்பாது.

இன்ஸ்டாவில் திட்டியவருக்கு அங்கேயே இரண்டு வரி பதில் போடுங்கள், மற்றவர்களும் படிக்கிறார்கள். "உங்களுக்குப் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும், விவரத்தை இப்போது உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று. அங்கே வாதாட வேண்டாம், அழிக்கச் சொல்லியும் கேட்க வேண்டாம்.

---

வில்லியனூர் · மாலை 5.15

இந்தச் செய்தியை எனக்கு அந்த மிக்ஸிக் கடை அனுப்பியிருந்தால் நான் 1915க்கே போயிருக்க மாட்டேன். உண்மையாகச் சொல்கிறேன்.

---

கெடிலக்கரை · 9 டிசம்பர், இரவு 8.20

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளி ராத்திரியே எல்லாருக்கும் அனுப்பி முடித்தோம். வீட்டிலிருந்த 16ஐயும் அப்படியே அனுப்பவில்லை, முறுக்கு ஈரக்காற்றில் நமத்துப்போயிருந்தது, அதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுட்டு வைத்து, தீபத்துக்கான ஐந்தோடு சேர்த்து சனிக்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் போட்டோம்.

பணம் கேட்டவர்கள் நான்கு பேர்தான். நெல்லிக்குப்பம் அண்ணா, நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. நிறையப் பேர் "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா" என்றுதான் திரும்பக் கேட்டார்கள். வளைகாப்பு வீட்டுக்கு அத்தை பேசினார். அந்த அம்மா முதலில் நன்றாகவே திட்டினார், அத்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார், கடைசியில் குழந்தை பிறந்ததும் பேர் வைக்கிற அன்றைக்கு ஆர்டர் தருகிறேன் என்று சொன்னாராம். கிரகப்பிரவேச வீட்டுக்காரர் போனை எடுக்கவே இல்லை. பணம் போட்டிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதினோம், நீல டிக் வந்தது, பதில் இல்லை.

இன்று கூரியர் கணக்கில் 27 கிளம்பிவிட்டதாகக் காட்டுகிறது. பணம் வாங்கிய நான்கு, போன் பேசிய இரண்டு, புதிதாக அனுப்பிய ஐந்து, இந்தப் பதினொன்றைக் கழித்தால் 38இல் மீதி இருந்ததே 27தான், ஆனால் கிளம்பிய 27இல் அந்தப் பதினொன்றில் ஐந்தும் கலந்திருக்கிறது. அதாவது இன்னும் காத்திருக்கிறவர்களில் ஐந்து பேருடையது அசையவே இல்லை. மாலை 6 மணிக்குள் எல்லாருக்கும் எழுதிவிட்டேன். கிளம்பியவர்களுக்குச் சரி, அந்த ஐந்து பேருக்கு "இன்னும் தெரியவில்லை, புதன் எழுதுகிறேன்" என்று போட்டேன். புதனும் இதே நிலை என்றால் மூன்றாவது தடவை என்ன எழுதுவது?

---

உப்பளம் · இரவு 9.00

மூன்றாவது தடவை மன்னிப்பு எழுத வேண்டாம். அந்த ஆய்வில் எச்சரித்தது இதைத்தான். புதன் வரைகூடக் காத்திருக்காமல் அந்த ஐந்தும் தொலைந்தது என்றே வைத்துக்கொண்டு நாளை புதிதாக அனுப்பிவிட்டு, அனுப்பிய எண்ணை எழுதுங்கள். "உங்கள் பார்சல் இன்னும் அங்கேயே நிற்பதால் இன்று புதிதாகச் செய்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டோம், எண் இது." அவ்வளவுதான், வேறு வரியே வேண்டாம். பழையதற்குக் கூரியரிடம் இழப்பீடு கேட்பது நம் வேலை, அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை.

---

நெல்லிக்குப்பம் · இரவு 9.10

அப்புறம் பழைய பார்சலும் போய்ச் சேர்ந்தால்? இரண்டு கிடைக்குமே. திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டாமா?

---

திருப்பாப்புலியூர் · இரவு 9.25

இரண்டு வாரம் மழை ஈரத்தில் கிடந்த முறுக்கைத் திருப்பி வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? முந்திரியும் காறிப்போயிருக்கலாம். சாப்பிட வேண்டாம், பிரித்துப் பார்த்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்வதுதான் சரி. யாராவது சாப்பிட்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அது தாமதத்தைவிடப் பெரிய தொல்லை. பணம் வாங்கினவர்களுக்கும் அது போய்ச் சேரும், அவர்களுக்கும் சொல்லிவிடு பாப்பா.

---

முத்தியால்பேட்டை · இரவு 9.40

ஐயா சொன்னது சரி. இன்று கிளம்பிய பார்சல்களுக்கும் அது பொருந்துமே? முறுக்கு உள்ள எல்லாருக்கும் நாளையே எழுதுங்கள், படம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மொத்தமாகப் புதிதாகச் செய்து தருவதா, முறுக்குக்கான பணத்தை மட்டும் திருப்புவதா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. நானாக இருந்தால் பணத்தைத் திருப்பிவிடுவேன், கார்த்திகை வேலைக்கு நடுவில் இன்னொரு சுற்று முறுக்கு சுட முடியாது.

---

கெடிலக்கரை · இரவு 10.05

முறுக்கு 19 பேருக்குப் போகிறது. அத்தை சுட்டே தருகிறேன் என்கிறார், நான் பணத்தைத் திருப்பலாம் என்கிறேன், இன்னும் முடிவாகவில்லை. எது ஆனாலும் "பிரித்ததும் முறுக்கைச் சாப்பிட வேண்டாம், முந்திரியை முகர்ந்து பார்த்துவிட்டு எடுங்கள்" என்று இப்போதே 19 பேருக்கும், பணம் வாங்கியவர்களுக்கும் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐந்து பார்சலுக்கான முந்திரி நாளை காலை வறுக்கிறோம்.